இறக்கத்தில் ஓடிப் பழகுவது: தொடை ஏன் வலிக்கிறது, எவ்வளவு ஓடுவது, எப்போது நிறுத்துவது

சமதரையில் வாரத்துக்கு மூன்று நாள் ஐந்து கிலோமீட்டர் சிரமமில்லாமல் ஓடக்கூடிய ஒருவர், ஒரு நாள் நீண்ட இறக்கமுள்ள பாதை ஒன்றில் ஓடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓடும்போது மூச்சு வாங்கவில்லை. வழக்கத்தைவிட வேகமாகவே ஓடியிருக்கிறார். ஓடி முடித்ததும் இன்னும் கொஞ்சம் ஓடலாம் என்றுகூடத் தோன்றியிருக்கிறது. மறுநாள் காலை தொடையின் முன்பக்கம் லேசாக இறுகியிருக்கிறது. அதற்கும் அடுத்த நாள் காலையில், கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி ஒவ்வொரு படியாக இறங்க வேண்டிய நிலை வந்துவிடுகிறது. ஏறுவதற்குச் சிரமமில்லை, இறங்குவதுதான் முடியவில்லை.

இறக்க ஓட்டத்தில் புதியவர்கள் செய்யும் தவறு பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான். மூச்சை வைத்து அளவு பார்க்கிறார்கள். சமதரையிலும் ஏற்றத்திலும் மூச்சு நம்பத்தகுந்த அளவுகோல். இறக்கத்தில் அது நம்மை ஏமாற்றிவிடும். தசைக்கு எவ்வளவு சுமை ஏறியது என்பது அங்கே இரண்டு நாள் கழித்தே தெரிய வரும். ஆகவே இறக்கத்தில் எவ்வளவு ஓடுவது என்பதை ஓடத் தொடங்கும் முன்பே மீட்டர் கணக்கில் முடிவு செய்துகொள்ள வேண்டும். இந்தக் கட்டுரை அந்தக் கணக்கைப் பற்றியது.

தொடைக்குள் நடப்பது என்ன

ஒரு நாற்காலியில் தொப்பென்று விழாமல், ஐந்து எண்ணும் நேரம் எடுத்துக்கொண்டு மெல்ல மெல்ல அமர்ந்து பாருங்கள். தொடையின் முன்பக்கத்தில் கை வைத்தால் தசை கெட்டியாக இருப்பது தெரியும். அது முழு முனைப்போடு இழுத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் முழங்கால் மடிய மடிய அதன் நீளம் குறைவதற்குப் பதில் கூடிக்கொண்டே போகிறது. எழுந்திருக்கும்போது அதே தசை சுருங்கி உடலைத் தூக்குகிறது. அமரும்போது நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்கி இறக்குகிறது. முன்னது உந்துகிற வேலை, பின்னது தடுக்கிற வேலை. நீளும்போதே இழுத்துப் பிடிக்கும் இந்த இரண்டாம் வகை வேலையைப் பயிற்சியாளர்கள் எக்சென்ட்ரிக் சுருக்கம் என்பார்கள்.

ஓட்டத்தில் ஒவ்வொரு முறை பாதம் தரையைத் தொடும்போதும் முழங்கால் சற்று மடிந்து அதிர்ச்சியைத் தாங்குகிறது. இறக்கத்தில் உடல் ஒவ்வோர் அடிக்கும் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கித் தாங்கப்பட வேண்டியிருப்பதால், இந்தத் தடுக்கும் வேலை வெகுவாகக் கூடிவிடுகிறது. அதில் பெரும்பங்கு தொடையின் முன்பக்கத்திலுள்ள நாற்றலைத் தசைமீது விழுகிறது. ஒன்பது பாகைச் சரிவில் ஓடுபவர்களை அளந்து 2005-இல் வெளியான ஆய்வொன்றில், பாதம் தரையில் மோதும் விசையின் உச்சம் சமதரையைவிட ஏறத்தாழ 54 சதவீதமும், பின்னோக்கித் தடுக்கும் விசையின் உச்சம் ஏறத்தாழ 73 சதவீதமும் கூடியிருந்தன. ஒன்பது பாகை என்பது நூறு மீட்டர் முன்னே செல்வதற்குள் கிட்டத்தட்ட பதினாறு மீட்டர் இறங்குகிற கடுமையான சரிவு. தொடக்கத்தில் அதன் பக்கமே போகக் கூடாது.

அப்படியானால் இவ்வளவு வேலைக்கும் மூச்சு ஏன் வாங்குவதில்லை? இதற்கு 1952-இல் பிரிட்டனில் செய்யப்பட்ட ஓர் அழகான சோதனை விடை தருகிறது. இரண்டு சைக்கிள்களைப் பின்னுக்குப் பின்னாக நிறுத்தி, ஒரே சங்கிலியால் இணைத்தார்கள். ஒருவர் பெடலை முன்னோக்கி மிதித்தார். மற்றவர், தம் பெடல்கள் பின்னோக்கிச் சுழல்வதை எதிர்த்துத் தடுத்தார். இருவர் கால்களிலும் விசை ஒன்றே. ஆனால் தடுத்தவருக்கு மிதித்தவரைவிட மிகக் குறைந்த ஆக்சிஜனே தேவைப்பட்டது. நீண்டுகொண்டே தடுக்கும் தசை, அதே விசைக்குக் குறைவான இழைகளைக் கொண்டே சமாளித்துவிடுகிறது. மூச்சுக்கு இது லாபம், இழைக்கு நட்டம். ஏனெனில் சுமையைப் பகிர்ந்துகொள்ளும் இழைகள் குறைவு என்பதால், ஒவ்வோர் இழைமீதும் விழும் இழுவிசை அதிகம்.

தசையிழை ஒவ்வொன்றும், சார்கோமியர் எனப்படும் நுண்ணிய அலகுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த நீண்ட சரம் போன்றது. எல்லா அலகுகளும் ஒரே வலிமையுடன் இருப்பதில்லை. இழுபடும்போது வலிமை குறைந்தவை அளவுக்கு மீறி நீண்டு, சில ஒழுங்கு குலைகின்றன. ஆயிரக்கணக்கான அடிகளில் இது திரும்பத் திரும்ப நிகழும்போது சேதம் பரவுகிறது; உடல் அதைச் சீராக்கத் தொடங்குகையில் அழற்சியும் லேசான வீக்கமும் ஏற்பட்டு, வலி நரம்புகள் கூர்மையாகின்றன. இந்தச் சீரமைப்புக்கு நேரம் பிடிப்பதால்தான் வலி உடனே வராமல், 24 மணி நேரத்துக்கும் 72 மணி நேரத்துக்கும் இடையில் உச்சத்தை அடைகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது வலிப்பதில்லை. அழுத்தினாலோ, தசையை நீட்டினாலோ, படி இறங்கினாலோதான் வலிக்கிறது.

‘லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டது’ என்று சொல்லும் பழக்கம் இன்னும் போகவில்லை. அது இதற்குக் காரணமில்லை. ஓடி முடித்து ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் அது இரத்தத்திலிருந்து நீங்கிவிடும். வலியோ மறுநாள்தான் தொடங்குகிறது. மேலும், அந்த அமிலம் அதிகம் உண்டாவது ஏற்றத்தில் மூச்சிரைக்க ஓடும்போது. அதிகம் வலிப்பதோ இறக்கத்தில் நிதானமாக ஓடியபிறகு. இதை விளக்கமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அமிலம்தான் காரணம் என்று நம்புபவர், அதை ‘வெளியேற்ற’ மறுநாளே மீண்டும் ஓடக் கிளம்பிவிடுகிறார்.

வலியைவிடக் கவனிக்க வேண்டியது வலுக் குறைவு. வலி தொடங்குவதற்கு முன்பே, ஓடி முடித்த அந்த நேரத்திலிருந்தே தொடையின் வலு குறைந்திருக்கும். முழங்கால் எவ்வளவு மடிந்திருக்கிறது என்று உடல் உணரும் திறனும் சற்று மங்கியிருக்கும். நீண்ட இறக்கத்தின் கடைசிப் பகுதியில் கால் தடுக்கி விழுபவர்கள் அதிகம் இருப்பதற்கு, கவனக்குறைவைவிட இதுவே பெரும்பாலும் காரணம் என்று நான் கருதுகிறேன்.

ஒரு முறை வலித்தால் மறுமுறை குறையும்

இந்தச் சேதத்துக்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு. ஒரு முறை இந்த வேலைக்கு ஆட்பட்டுச் சீரான தசை, சில நாள் கழித்து அதே அளவு வேலையை மீண்டும் செய்யும்போது முதல்முறையைவிட வெகு குறைவாகவே வலிக்கிறது. இந்தப் பாதுகாப்பு பல வாரங்கள் நீடிக்கிறது. இறக்க ஓட்டத்தில் ஏறத்தாழ ஆறு வாரம் வரை அது காணப்பட்டிருக்கிறது. அதைப் பெறுவதற்குக் கடுமையான வலி தேவையில்லை. சிறிய அளவே போதும். இறக்கப் பயிற்சி முழுவதும் இந்த ஒரு உண்மையின்மீது நிற்கிறது: முதல் அளவைச் சிறிதாகக் கொடு, சீராகும் வரை காத்திரு, பிறகு கூட்டு.

சரிவைத் தேர்ந்தெடுப்பதும் அளப்பதும்

முதல் பயிற்சிக்கு 200 முதல் 300 மீட்டர் நீளமுள்ள, 4 முதல் 5 சதவீதச் சரிவு போதும். அதாவது நூறு மீட்டருக்கு நான்கைந்து மீட்டர் இறங்க வேண்டும். கண்ணால் பார்த்தால் இது ‘சாதாரண மேடு’ என்றுதான் தோன்றும். கைப்பேசிச் செயலிகள் காட்டும் உயரக் கணக்கு, இவ்வளவு சிறிய தூரத்தில் மிகவும் தடுமாறும். அதைவிட எளிய வழி ஒன்று இருக்கிறது. ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான சட்டம் ஒன்றை எடுத்து, ஒரு முனையைச் சரிவின் மேற்பக்கத் தரையில் வைத்து, மறுமுனையைக் கீழ்ப்பக்கம் நீட்டிப் பிடியுங்கள். மேலே ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவுக்கு வரும்வரை அந்த முனையை உயர்த்துங்கள். இப்போது அந்த முனைக்கும் தரைக்கும் இடையிலுள்ள இடைவெளி 5 சென்டிமீட்டர் என்றால் சரிவு 5 சதவீதம். சரிவின் மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில் அளந்து சராசரி எடுத்தால் போதும். நான் பார்த்த பல பாதைகளில் நடுப்பகுதி மற்ற இடங்களைவிட ஒன்றரை மடங்கு செங்குத்தாக இருந்தது.

தரை உலர்ந்ததாகவும், உதிர்கல் இல்லாததாகவும், பக்கவாட்டில் சாயாததாகவும் இருக்க வேண்டும். சரிவு முடிந்ததும் முப்பது மீட்டராவது சமதரை இருப்பது நல்லது. அங்கேதான் வேகம் தானாகக் குறைய வேண்டும். காலணியின் முன்பக்கத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்கட்டும். கயிற்றைக் கடைசித் துளைவரை கோத்து, குதிகால் அசையாதபடி கட்ட வேண்டும். இல்லையென்றால் பாதம் முன்னால் வழுக்கி விரல் நகங்கள் கறுத்துவிடும்.

ஓடும் முறை

பத்து நிமிடம் சமதரையில் மெதுவாக ஓடிய பிறகே சரிவுக்கு வர வேண்டும். அந்தப் பத்து நிமிடத்துக்குள், வலது பாதம் அரை நிமிடத்தில் எத்தனை முறை தரையைத் தொடுகிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். 41 என்று வந்தால், சரிவில் அது 43 அல்லது 44 ஆக இருக்க வேண்டும். அடியின் நீளத்தைக் குறைத்து, எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும் என்பதே இதன் பொருள். அடி குறுகினால் பாதம் இடுப்புக்கு மிக அருகில் விழும். ஒவ்வொரு முறையும் முழங்காலும் தொடையும் தாங்க வேண்டிய அளவு குறையும்.

புதியவர்கள் இறக்கத்தைக் கண்டதும் அஞ்சி உடலைப் பின்னால் சாய்த்து, காலை முன்னே நீட்டிக் குதிகாலை ஊன்றுகிறார்கள். அது பிரேக்கை அழுத்திக்கொண்டே வண்டி ஓட்டுவது போன்றது. நீட்டிய காலில் விழும் தடுப்பு விசை முழுவதையும் தொடைதான் தாங்க வேண்டும். உடல் சரிவுக்குச் செங்குத்தாக, கணுக்காலிலிருந்தே மிகச் சற்று முன்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். இடுப்பை மடித்து முன்னே குனிவதல்ல. முழங்கால் சற்று மடிந்த நிலையில் பாதம் தரையைத் தொட வேண்டும். பார்வை பாதத்துக்குக் கீழே இல்லாமல் நான்கைந்து காலடித் தூரம் முன்னே இருக்கட்டும். கைகள் உடலைவிட்டுச் சற்று விலகி இருந்தால் சமநிலை எளிதாகும்.

சரியாகச் செய்கிறோமா என்று அறிய இரண்டு வழிகள் உண்டு. முதலாவது காது: பாதம் ‘தப் தப்’ என்று அறைகிற ஓசை எழுந்தால் அடி நீண்டுவிட்டது என்று பொருள். இரண்டாவது, சரிவின் நடுவில் நின்று ஒருவர் பக்கவாட்டிலிருந்து கைப்பேசியில் படம் பிடிப்பது. பாதம் தரையைத் தொடும் அந்தக் கணத்தில் படத்தை நிறுத்திப் பாருங்கள்; முழங்காலுக்குக் கீழுள்ள கால் ஏறத்தாழ நேராக நிற்க வேண்டும். பாதம் முழங்காலைத் தாண்டி வெகு முன்னே கிடந்தால், அடியை இன்னும் குறுக்க வேண்டும்.

வேகத்துக்கு ஒரே விதி: விரும்பினால் எட்டுக் காலடிகளுக்குள் நின்றுவிட முடிய வேண்டும். முதல் ஓட்டத்தின் நடுவிலேயே இதைச் செய்து பாருங்கள். முடியவில்லை என்றால் வேகம் அதிகம். கீழே வந்ததும் திரும்ப மேலே நடந்தே போக வேண்டும். அந்த நடைதான் ஓய்வு.

எவ்வளவு, எப்போது கூட்டுவது

அளவை ஓடிய நேரத்தில் அல்லாமல் மொத்தம் இறங்கிய உயரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். 250 மீட்டர் நீளமும் 5 சதவீதமும் உள்ள சரிவில் ஒரு முறை இறங்கினால் 12.5 மீட்டர், நான்கு முறை இறங்கினால் 50 மீட்டர். அடியின் நீளம் 90 சென்டிமீட்டர் என்றால் இந்த நான்கு ஓட்டங்களில் மட்டும் ஏறத்தாழ 1,100 அடிகள், ஒவ்வொரு தொடைக்கும் 550 தடுப்புகள். தொடக்கத்துக்கு இதுவே போதும். ஓடி முடித்ததும் ‘இது ஒரு பயிற்சியா?’ என்று தோன்றும். அந்த எண்ணத்துக்கு இடம் கொடுக்க வேண்டாம்.

ஓடிய நாளுக்குப் பின் வரும் இரண்டாம் நாள் காலையில், முன்பு சொன்னபடி நாற்காலியில் மெல்ல அமர்ந்து, வலிக்குப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு மதிப்பெண் கொடுங்கள். நான் கடைப்பிடிக்கும் விதி இது: மூன்றோ அதற்குக் குறைவோ என்றால் அடுத்த முறை கால்பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை கூட்டலாம். நான்கு முதல் ஆறு என்றால் அதே அளவை மீண்டும் ஓட வேண்டும். ஏழோ அதற்கு மேலோ என்றால், வலி முழுதும் நீங்கிய பிறகு, குறைந்த அளவில்தான் தொடங்க வேண்டும். எப்படியானாலும் இரண்டு இறக்கப் பயிற்சிகளுக்கு இடையே ஒரு வாரம் தேவை. சரிவின் கடுமையையும் ஓட்டங்களின் எண்ணிக்கையையும் ஒரே நேரத்தில் கூட்டக் கூடாது.

வலியுள்ள நாட்களில் நடப்பதும் சமதரையில் எளிதாகச் சைக்கிள் மிதிப்பதும் நல்லது. அசைவு இருக்கும்வரை வலி சற்றுத் தணியும். இதமாகப் பிடித்துவிடுவதும் சிறிது உதவும். தசையை இழுத்து நீட்டும் பயிற்சிகளால் இந்த வலி குறிப்பிடத்தக்க அளவு குறைவதில்லை. உடலில் நீர் வற்றியிருக்கும்போது வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குச் சுமையாகும் என்பதால், அவற்றைப் போட்டுக்கொண்டு மறுபடி ஓடுவது தவறான வழி.

சில அறிகுறிகள் இந்தச் சாதாரண வலியைச் சேர்ந்தவை அல்ல. ஒரு காலில் மட்டும், ஒரே புள்ளியில், குத்துவதுபோல வலித்தாலும், முழங்கால் மூட்டில் வலியோ வீக்கமோ தோன்றினாலும் இறக்கத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும். தொடை கடுமையாக வீங்கி, வலு வெகுவாகக் குறைந்து, சிறுநீர் கறுத்த பழுப்பு நிறத்தில் போனால், சிதைந்த தசையின் புரதம் சிறுநீரகத்தைத் தாக்குகிற நிலையாக அது இருக்கலாம். அன்றே, தாமதமின்றி, மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்து எடுப்பவர்களும், அண்மையில் முழங்காலில் காயம் பட்டவர்களும் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது அவசியம்.

ஒருவரின் பத்து வாரங்கள்

நான் உடனிருந்து பார்த்த ஒருவரின் கணக்கைச் சொல்கிறேன். அவர் பங்கேற்க இருந்த பத்து கிலோமீட்டர் ஓட்டத்தின் கடைசி மூன்று கிலோமீட்டர், சராசரியாக 4 சதவீத இறக்கம். அதாவது மொத்தம் 120 மீட்டர். பத்து வாரம் முன்னதாக, 250 மீட்டர் நீளமுள்ள 5 சதவீதச் சரிவில் தொடங்கினார். முதல் வாரம் நான்கு ஓட்டம், 50 மீட்டர். இரண்டாம் நாள் வலி ஐந்து, ஐந்தாம் நாளில் முற்றிலும் நீங்கியது. இரண்டாம் வாரம் விதிப்படி அதே நான்கு ஓட்டம், வலி இரண்டுதான். ஒரே அளவு, ஒரே சரிவு, ஒரே வேகம். வலி மட்டும் பாதிக்கும் கீழே. அவர் அதை நம்பாமல் தொடையை அழுத்தி அழுத்திப் பார்த்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மூன்றாம் வாரம் ஐந்து ஓட்டம், நான்காம் வாரம் ஆறு. வலி இரண்டைத் தாண்டவில்லை.

ஐந்தாம் வாரம் தவறு நடந்தது. நன்றாகப் பழகிவிட்டோம் என்ற தெம்பில், 600 மீட்டர் நீளமுள்ள 8 சதவீதச் சரிவு ஒன்றில் இரண்டு முறை இறங்கினார். மொத்தம் 96 மீட்டர். முந்தைய வாரத்தின் 75-ஐவிடப் பெரிதாகக் கூடவில்லை என்று கணக்குச் சொன்னது. ஆனால் சரிவு கடுமையானதும் வேகம் கூடியது, அடி நீண்டது, இரண்டாம் ஓட்டத்தின் கடைசியில் பாதம் அறையும் ஓசை எனக்குத் தொலைவிலிருந்தே கேட்டது. வலி ஏழு. ஆறாம் வாரம் முழுதும் இறக்கமே இல்லை. சமதரையில் மட்டும் மெதுவாக ஓடினார். இறங்கிய உயரம் என்பது ஒரே வகைச் சரிவுக்குள் ஒப்பிடத்தான் பயன்படும், சரிவு மாறினால் கணக்கைப் பாதியிலிருந்து தொடங்க வேண்டும் என்பதை அன்று இருவருமே தெரிந்துகொண்டோம்.

ஏழாம் வாரம் பழைய சரிவுக்குத் திரும்பி ஆறு ஓட்டம், வலி ஒன்று. எட்டாம் வாரம் எட்டு ஓட்டம், 100 மீட்டர், வலி இரண்டு. போட்டிக்கு அப்போது பன்னிரண்டு நாள் இருந்தது. அதன்பிறகு இறக்கம் எதுவும் ஓட வேண்டாம் என்று நிறுத்தினோம். வலு முழுதும் திரும்ப நேரம் தேவை, பெற்ற பாதுகாப்போ அதற்குள் போய்விடாது. போட்டியில் கடைசி மூன்று கிலோமீட்டரைக் குறுகிய அடிகளில் ஓடி முடித்தார். இரண்டாம் நாள் வலி மூன்று. படிக்கட்டில் நேராகவே இறங்கினார். இப்போது மாதம் ஒரு முறை அதே சரிவில் நான்கு ஓட்டம் ஓடி, பழகிய தொடையை அப்படியே வைத்திருக்கிறார்.